முன்பின் தெரியாதவருக்கு மின்னஞ்சல்: முதல் இரண்டு வரியில் என்ன நடக்கிறது?

கோயம்புத்தூரில், பம்பின் சுழலும் தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நண்பர் ஒருவர் நடத்துகிறார். பெருந்துறைப் பக்கம் உள்ள ஒரு சாயப்பட்டறையின் பராமரிப்பு மேலாளருக்கு அவர் ஒரு மெயில் தயார் செய்து, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் தொடக்கத்தின் பொருளைத் தமிழில் தருகிறேன்: "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் பல ஆண்டு அனுபவமுள்ள முன்னணி சீல் தயாரிப்பாளர்கள். உங்கள் நிறுவனத்துடன் இணைந்து செயல்படும் வாய்ப்பைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இந்த வாரம் எந்த நாள் வசதி என்று தெரிவிக்கவும்."

இதில் பொய் எதுவும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் இது பட்டும் படாமலும் இருக்கிறது, கூடவே நெருக்கவும் செய்கிறது. இந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு.

மேலாளர் இதை எங்கே பார்ப்பார் என்று முதலில் யோசியுங்கள். மோட்டார் சத்தத்துக்கு நடுவே, போனில். திறக்காத மெயிலில் அனுப்பியவர் பெயரும், தலைப்பில் சில சொற்களும், உள்ளே இருக்கும் முதல் வரியின் தொடக்கமும்தான் தெரியும். நண்பரின் மெயிலில் அந்த இடத்தை "நலமாக இருப்பீர்கள்" பிடித்துக்கொண்டது. திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

சரி, "இணைந்து செயல்படும் வாய்ப்பு" என்று எழுதும்போது அது மொட்டையாக இருப்பது எழுதியவருக்கு ஏன் உறைப்பதில்லை? 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செய்த சோதனை ஒன்று இதை விளக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்டுவார், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் 3. தட்டுகிறவர் மனசுக்குள் மெட்டு முழுவதும் ஓடுகிறது, கேட்பவருக்கோ டொக் டொக் என்ற சத்தம் மட்டும்தான். நண்பர் மனசில் அந்த ஆலையின் எந்த பம்ப், என்ன கோளாறு, தன் சீல் அங்கே என்ன செய்யும் என்பதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுகூடக் காகிதத்தில் இறங்கவில்லை.

ஒருவேளை, ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி ஒப்பேற்ற முடியாதா? எலன் லாங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நகல் எடுக்க வருபவர்களிடம் போய், "நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். 5 பக்கம்தான் என்றால், காரணம் சொல்லாமலே 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான்" என்ற வெற்றுக் காரணத்துக்கே அது 93 ஆனது. பலர் இந்த ஆய்வை இதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் நமக்கு வேண்டியது அடுத்த பாதி. அதே கோரிக்கை 20 பக்கமானதும், காரணம் இல்லாவிட்டாலும் வெற்றுக் காரணம் சொன்னாலும் ஒரே 24 சதவீதம்தான். அவசரம் என்ற நிஜக் காரணம் மட்டும் அதை 42 வரை ஏற்றியது. முன்பின் தெரியாதவரிடம் அரை மணி நேரச் சந்திப்பு கேட்பது 20 பக்கக் கோரிக்கை போன்றது. "நாங்கள் முன்னணி நிறுவனம்" என்பது அங்கே காரணமாகச் செல்லுபடியாகாது.

"எந்த நாள் வசதி?" என்ற கேள்வியில் இருக்கும் நெருக்கடி வேறு வகை. சந்திப்புக்கு அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டது போல அது பேசுகிறது. நம் விருப்பத்தை யாரோ பறிப்பதாகத் தோன்றினால், அதை மீட்கும் உந்துதல் உடனே எழும் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இல் எழுதினார். சொன்ன விஷயம் நல்லதா கெட்டதா என்பது அப்புறம்தான், தள்ளுகிற கையைத் தள்ளிவிடுவதே முதலில் வரும். இதன் மறுபக்கத்தை பிரான்ஸில் நிக்கொலா கெகனும் அலெக்சாந்திர் பாஸ்கலும் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேருந்துக்குச் சில்லறை கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். அதே கேள்வியோடு "தருவதும் தராததும் உங்கள் விருப்பம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேர்த்தபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த வாக்கியத்தை ஒட்டுப்போட்டால் மட்டும் போதாது. மேலே அரை மணி நேரம் கேட்டுவிட்டு, கீழே "உங்கள் விருப்பம்" என்று எழுதினால் யாருக்கும் தப்பிக்க வழி கிடைத்த உணர்வு வராது. மறுப்பது நிஜமாகவே சுலபமாக இருக்க வேண்டும் என்றால், கேட்பதே சிறியதாக இருக்க வேண்டும்.

நண்பரிடம், "இவருக்கே ஏன் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கொடிசியா கண்காட்சியில் நடந்த ஒரு கலந்துரையாடலில், சாயக்கழிவு நீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டரின் பம்புகளில் சீல் மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லை என்று அந்த மேலாளர் சொல்லியிருக்கிறார். அந்த நீரில் உப்பு அதிகம். பம்பை நிறுத்தினால் சீலின் முகத்தில், அதாவது அதன் உரசும் பரப்பில், உப்பு உறைந்து கட்டியாகும், மறுபடி ஓட்டும்போது அது முகத்தைக் கீறிவிடும், அப்புறம் கசிவுதான். நண்பருக்கு இது அத்துபடி. மெயிலில் மட்டும் இல்லை.

திருத்தி எழுதியது இப்படி வந்தது. தலைப்பு: "எவாப்பரேட்டர் பம்ப் சீல் – ஒரு கேள்வி". உள்ளே: "வணக்கம் சார். எவாப்பரேட்டர் பம்ப் சீல் மூன்று மாதத்தில் போய்விடுகிறது என்று கண்காட்சிக் கலந்துரையாடலில் சொன்னீர்கள். பம்பை நிறுத்தும்போது சீல் பகுதியை நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறீர்களா? நான் கோவையில் சீல் தயாரிக்கிறேன். அலசியும் போகிறது என்றால் சீல் முகத்தின் பொருளை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அலசவில்லை என்றால் முதலில் அதைச் செய்து பாருங்கள், என் சீல் தேவைப்படாமலே போகலாம். இப்போது இதற்கு நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள்."

தான் யார் என்பது நான்காவது வாக்கியத்துக்குப் போய்விட்டது. முதல் வரியில் மேலாளரின் சொந்தச் சிக்கல் இருக்கிறது, அதனால் திறக்காமலே அவருக்கு விஷயம் புரியும். கேள்விக்கு ஆமாம், இல்லை என்று நின்றபடியே பதில் போடலாம். விற்க வந்தவர் என்பதையும் நண்பர் மறைக்கவில்லை. அதை மறைத்து வெறும் சந்தேகம் போலக் கேட்டிருந்தால், இரண்டாவது மெயிலில் ஏமாற்றப்பட்டதாக அவர் நினைத்திருப்பார்.

அனுப்பும் முன் ஒரு சோதனையும் செய்தோம். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத நண்பரின் அக்காவிடம் வணக்கத்துக்கு அடுத்த இரண்டு வாக்கியங்களை மட்டும் காட்டி, "இவர் என்ன கேட்கிறார்?" என்று கேட்டோம். "பம்பைக் கழுவுறீங்களான்னு கேக்குறார்" என்றார் அவர். பழைய தொடக்கத்தைக் காட்டியபோது, "ஏதோ விக்கிறாங்க போல" என்றார். இந்தச் சோதனையை எழுதியவர் தானே செய்துகொள்ள முடியாது, ஏனென்றால் அவர் காதில் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தனை செய்தாலும் மெயிலின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் நேரில் கேட்பது மெயிலில் கேட்பதைவிட 34 மடங்கு பலன் தந்தது என்று மஹ்தி ரோகனிசாத், வனெசா போன்ஸ் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மெயில் அனுப்பியவர்கள் அந்த வித்தியாசத்தை முன்கூட்டி உணரவே இல்லை. அதனால் பதில் வராவிட்டால் அடுத்தடுத்து நினைவூட்டல் அனுப்ப வேண்டாம், அடுத்த கண்காட்சியில் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம்.

ஐந்தாம் நாள் மேலாளரிடமிருந்து இரண்டு வரி வந்தது. "ஷிஃப்ட் மாறும்போது அலசுவதில்லை. கழற்றிய பழைய சீல் ஒன்று இருக்கிறது, கொடுத்து அனுப்பட்டுமா?"