ஏழாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 8.6: குறைமாதக் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் என்னென்ன இலவசம்?

32 வாரத்தில், ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த ஒரு குழந்தையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நாலு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. பிறந்தபோது 16 இருந்த ஹீமோகுளோபின், ஏழாவது வாரப் பரிசோதனையில் 8.6. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். "பிறந்து 30 நாள் தாண்டிவிட்டது, இனி டெஸ்டுக்கும் மருந்துக்கும் காசு கட்ட வேண்டுமாம்" என்று யாரோ சொல்லியும்விட்டார்கள்.

முதலில் காசு விஷயம். மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் 2011 ஜூனில் தொடங்கியது. அப்போது நோயுற்ற குழந்தைக்கு 30 நாள் வரைதான் இலவசம். அந்தப் பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு அதை ஒரு வயது வரை நீட்டித்துவிட்டார்கள். ஆகவே இந்தக் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் இரத்தம் எல்லாமே கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அதற்கும், திரும்பி வரவும் வண்டி உண்டு. தனியார் மருத்துவமனைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

சரி, 8.6 என்பது நோயா? பெரும்பாலும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது. அதனால் இரத்தச் சிவப்பணுக்களை உடல் நிறைய உண்டாக்குகிறது. பிறந்து மூச்சுவிட்டதும் ஆக்சிஜன் தாராளமாகிவிடுகிறது. உடனே, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் சட்டென்று குறைகிறது. பழைய அணுக்கள் அழிகின்றன, புதியவை கொஞ்சம்தான் வருகின்றன. நிறைமாதக் குழந்தைக்கும் இது நடக்கும். 8 முதல் 12 வாரத்துக்குள் 10, 11 வரை இறங்கி, அப்புறம் தானாக ஏறும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்த இறக்கம் சீக்கிரமாகவும் ஆழமாகவும் வரும். 4 முதல் 8 வாரத்துக்குள் 7 முதல் 10 வரை போகலாம். அதன் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு, எடை வேகமாக ஏறுவதால் இருக்கிற அணுக்கள் பெரிய உடம்பில் பரவிப்போகின்றன, போதாததற்குப் பரிசோதனைக்கென எடுத்த இரத்தமும் சேர்கிறது. ஒரு கிலோ எடைக்கு உடம்பில் இருப்பதே சுமார் 90 மில்லி இரத்தம். அதில் ஒவ்வொரு மில்லியும் கணக்குத்தான்.

அதனால் எண்ணை மட்டும் பார்த்து "இரத்தம் ஏற்றுங்கள்" என்று டாக்டரை நெருக்க வேண்டாம். நம் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, மூச்சு சீராக இருக்கிறது என்றால் காத்திருப்பதே வழக்கம். வெளி இரத்தம் ஏற்றினால், உடம்பு தானே உற்பத்தியைத் தொடங்குவது இன்னும் தள்ளிப்போகும். ரெட்டிகுலோசைட் என்ற பரிசோதனையில் இளம் சிவப்பணுக்கள் கூடியிருந்தால் உற்பத்தி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதுவும் இலவசப் பரிசோதனைக்குள் வருவதுதான்.

பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிப்போவது, எடை ஏறாமல் நிற்பது, இதயம் படபடவென அடிப்பது, மூச்சு வாங்குவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ, குழந்தை நீலம் பாரித்தாலோ உடனே 108. இரத்தம் தேவைப்பட்டால் கிலோவுக்குச் சுமார் 15 மில்லி, அதாவது இப்போது 2.4 கிலோ இருக்கும் இந்தக் குழந்தைக்கு 36 மில்லி, மூன்று நாலு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவார்கள்.

இனி இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. இந்த முதல் இறக்கத்தை அது தடுக்காது. ஆனால் தாயிடமிருந்து இரும்பு சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். முன்பே பிறந்த குழந்தையிடம் கையிருப்பு குறைவு. அதை ஈடுகட்டாவிட்டால் பின்னால் உண்மையான இரும்புக் குறைபாடு வரும்.

இங்கேதான் ஒரு குழப்பம் நடக்கிறது. இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தரும் சிரப்பில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வாரம் இருமுறை ஒரு மில்லி. வீட்டில் மூத்த பிள்ளைக்கு வாங்கிய அந்தப் பாட்டிலை எடுத்து இந்தக் குழந்தைக்கு ஊற்றக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு டாக்டர் தினமும் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 2.4 கிலோவுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் அது அரை மில்லி. சொட்டு மருந்துகளின் அடர்த்தி ஒன்றுக்கொன்று வேறுபடும். லேபிளில் 'எலிமென்டல்' இரும்பு எவ்வளவு என்று பார்த்து, எத்தனை மில்லி என்பதை டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற அளவும் மாறும்.

போகும்போதெல்லாம் டிஸ்சார்ஜ் அட்டையைக் கையில் வைத்திருங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, ஏற்கெனவே இரத்தம் ஏற்றியதா என்பது தெரியாமல் 8.6-க்கு எந்த டாக்டராலும் பொருள் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் யாராவது காசு கேட்டால் 104-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம்.