கடனும் ஸ்வாப்பும் ஒரே நாளைத்தான் எண்ணுகின்றனவா?

மாறும் வட்டிக்குக் கடன் வாங்கியவர், வட்டி ஏறினால் என்ன செய்வது என்று யோசித்து வங்கியோடு ஒரு வட்டி விகித ஸ்வாப் போடுகிறார். ஏற்பாடு எளிது. ஸ்வாப்பில் அவர் நிலையான வட்டி கட்டுவார், பதிலுக்கு மாறும் வட்டி அவருக்கு வரும். வந்ததை அப்படியே கடனுக்குக் கட்டிவிட்டால், கையை விட்டுப் போவது நிலையான வட்டியும், கடன் கொடுத்தவர் மாறும் வட்டியின்மேல் கூட்டும் மார்ஜினும் மட்டுமே.

வருவதும் போவதும் காசு பிசகாமல் ஒத்துப்போனால்தான் இது நடக்கும். ஒத்துப்போகிறதா என்பதைச் சொல்வது, பேரம் முடிந்தபின் வங்கி அனுப்பும் கன்ஃபர்மேஷன். பலர் இதை ரசீது மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஸ்வாப்புகளுக்கெல்லாம் பொதுவான அடிப்படை ஒப்பந்தமாகப் போடும் இஸ்டா மாஸ்டர் ஒப்பந்தத்தின்படி, தொலைபேசியில் ஒப்புக்கொண்ட கணமே பேரம் கட்டுப்படுத்தும். கன்ஃபர்மேஷன் அதற்கு எழுத்துச் சான்று. மாஸ்டர் ஒப்பந்தத்தோடு அது முரண்பட்டால், அந்தப் பேரத்துக்குக் கன்ஃபர்மேஷன் சொல்வதே செல்லும். கையெழுத்திட்ட பிறகு “பேசியது வேறு” என்று நிரூபிப்பது பெரும்பாடு.

ஒரு கற்பனைக் கடனை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 17 அன்று 1 கோடி டாலர் கைக்கு வருகிறது. சோஃபர் என்பது டாலர் கடன்களுக்கான அடிப்படை வட்டி விகிதம், டேர்ம் சோஃபர் என்பது வரும் காலத்துக்கு அதை முன்கூட்டியே சொல்லும் வடிவம். இந்தக் கடனின் வட்டி, மூன்று மாத டேர்ம் சோஃபரும் அதன்மேல் 2% மார்ஜினும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 17 தோறும் வட்டியோடு அசலில் 2.5 லட்சம் டாலரும் கட்ட வேண்டும். ஸ்வாப்பில் பேசிய நிலையான வட்டி 4%.

சரிபார்க்கும்போது இரண்டு காகிதங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்வாப்பின் மாறும் பக்கத்தைக் கடன் ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அது கடனின் நிழல். நிலையான பக்கத்துக்குக் கடன் ஒப்பந்தத்தில் ஒப்பிட எதுவும் இருக்காது. அதைப் பேரம் பேசிய நாளின் மின்னஞ்சலோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தோடு ஒப்பிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

முதலில் நோஷனல் தொகை, அதாவது கைமாறாமல் வட்டியைக் கணக்கிட மட்டும் பயன்படும் அசல். முதல் பக்கத்தில் 1 கோடி என்று இருப்பதைப் பார்த்ததும் மனம் சமாதானமாகிவிடும். ஆனால் பின்னிணைப்பில் காலாண்டுவாரியாகக் குறையும் அட்டவணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் எட்டுத் தவணைக்குப் பிறகு கடன் 80 லட்சம், ஸ்வாப் இன்னும் 1 கோடி. மிச்சமுள்ள 20 லட்சத்துக்குப் பின்னால் கடனே இல்லை, அது வெறும் பந்தயம். சோஃபர் 2%க்கு இறங்கினால் அந்த மிச்சத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 டாலர் போகும். அட்டவணை இருந்தாலும் முதல் குறைப்பின் தேதியைப் பாருங்கள். ஒரு தவணை தள்ளித் தொடங்கிய அட்டவணை, கடைசி வரை ஒரு தவணை தள்ளியே ஓடும்.

நிலையான வட்டியில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 4% என்பது மார்ஜின் சேராத விகிதம், மார்ஜினோடு மொத்தச் செலவு 6%. கன்ஃபர்மேஷனில் நிலையான வட்டி 6% என்று வந்திருந்தால், மாறும் பக்கத்தில் சோஃபரோடு 2% கூட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கூட்டியிருந்தால் கணக்கு நேர். கூட்டாமல் விட்டிருந்தால் மார்ஜினை இரண்டு முறை கட்டுவீர்கள், 1 கோடிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். நிலையான வட்டி கட்டுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் திசை மாறியிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிவிடும்.

மாறும் வட்டி புதிதாக நிர்ணயமாகும் ரீசெட் தேதிதான் குழப்பம் பிடித்தது. ஒவ்வொரு வட்டிக் காலத்தின் தொடக்க நாளும் ரீசெட் தேதி. ஆனால் எந்த நாளின் சோஃபரை எடுப்பது என்பது வேறு கேள்வி. நம் கடனில் இரண்டு வேலை நாள் முன்னதாக எடுக்க வேண்டும் என்றிருந்தால், மார்ச் 17 திங்கள் ரீசெட்டுக்கு மார்ச் 13 வியாழன் வெளியான விகிதம். ஸ்வாப்பும் அதையே எடுக்க வேண்டும். ஸ்வாப்பின் வட்டிக் காலம் சில நாள் தள்ளித் தொடங்கி, அதற்குள் சோஃபர் கால் சதவீதம் நகர்ந்தால், அந்த ஒரு காலாண்டில் மட்டும் ஏறக்குறைய 6,400 டாலர் இடைவெளி விழும்.

கடனில் டேர்ம் சோஃபர் என்று இருந்து, ஸ்வாப்பில் அன்றாட சோஃபரைக் கூட்டு வட்டியாகச் சேர்க்கும் முறை வந்துவிடுவதும் உண்டு. ஒன்று காலத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், மற்றது முடிவில்தான் தெரியும். இரண்டின் பெயரிலும் சோஃபர் இருப்பதால் கண் ஏமாறும்.

விடுமுறை நாளும் இங்கே வந்து சேரும். 2028 ஜூன் 17 சனிக்கிழமை. அடுத்த திங்கள், ஜூன் 19, அமெரிக்காவில் ஜூன்டீன்த் விடுமுறை. ஆகவே கடனின் வட்டிக் காலம் ஜூன் 20 செவ்வாய் வரை நீண்டு 95 நாளாகும். ஸ்வாப்பில் பணம் கட்டும் தேதி மட்டும் நகர்ந்து காலம் நகராது என்றிருந்தால், அங்கே எண்ணுவது 92 நாள். வித்தியாசத்தில் பெரும்பகுதி அடுத்த காலாண்டில் திரும்பிவிடும், ஆனால் வேறொரு விகிதத்தில்.

கடைசியாக டே கவுண்ட், அதாவது நாள்களை எண்ணும் முறை. நம் கடன், உண்மையான நாள்களை எண்ணி 360ஆல் வகுக்கிறது. மாறும் பக்கம் அப்படியே இருக்க வேண்டும். நிலையான பக்கத்தில் மாதத்துக்கு 30 நாள் என்று வைத்து 360ஆல் வகுக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. எது சரி என்பது, 4% என்று விலை சொன்னபோது எந்த முறையில் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. 2025 மார்ச் 17 முதல் ஜூன் 17 வரை இரண்டு முறையிலும்:

```
10000000 × 0.04 × 90/360 = 100000.00
10000000 × 0.04 × 92/360 = 102222.22
```

4% மாறவே இல்லை, தொகை மட்டும் 2,222 டாலர் கூடிவிட்டது. முதல் முறையில் பேசி இரண்டாவது முறையில் எழுதினால், வாங்கியது 4% இல்லை, 365 நாள் ஆண்டுக்கு ஏறக்குறைய 4.056%. விகிதத்தை மட்டும் ஒப்பிடுபவர் கண்ணில் இது படவே படாது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. கையெழுத்திடும் முன்பே முதல் காலாண்டுத் தொகையைக் காசு வரை கணக்கிட்டு அனுப்பும்படி வங்கியைக் கேளுங்கள். அதை நோஷனலாலும் விகிதத்தாலும் வகுத்து 360ஆல் பெருக்குங்கள்.

```
102222.22 / (10000000 × 0.04) × 360 = 92
```

92 வந்தால் உண்மையான நாள்களை எண்ணியிருக்கிறார்கள், 90 வந்தால் மாதத்துக்கு 30 நாள். 90.74 மாதிரி பின்னம் வந்தால் 365ஆல் வகுத்திருக்கிறார்கள். இதையே மாறும் பக்கத்துக்கும் செய்து, கடன் கொடுத்தவர் அனுப்பும் வட்டிக் கணக்கோடு பக்கத்தில் வையுங்கள். மார்ஜினைக் கழித்த பிறகு இரண்டும் கடைசிக் காசு வரை ஒன்றாக வரவில்லை என்றால், கன்ஃபர்மேஷனைக் கையெழுத்திடாமல் எந்த வரி ஒத்துப்போகவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள்.