நட்டைக் கழற்றியும் வராத வீல்

டியூப்லெஸ் டயர் வந்தபிறகு எங்கள் பட்டறைக்கு ஒரு புது வகை வேலை வர ஆரம்பித்தது. பஞ்சர் ஆனால் வீலைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, பிசின் தடவிய திரியைச் சொருகி, காற்றடித்து அனுப்பிவிடுகிறார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், நல்லதுதான். ஆனால் அதனால் ஐந்தாறு வருடமாக வீலே கழலாத கார்கள் பெருகிவிட்டன. டயர் பக்கவாட்டில் கிழிந்து ஸ்டெப்னி மாட்ட வேண்டிய நாளில்தான் தெரியும், நட்டு எல்லாம் வந்துவிட்டது, வீல் மட்டும் அசையவில்லை என்று.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம், கோடியக்கரை வரைக்கும் இது அடிக்கடி நடக்கிறது. உப்பளக் காற்று ஒரு காரணம். கார் கழுவுகிற போர் தண்ணீரும் பல ஊர்களில் உப்புத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலோரச் சேறு வேறு சேர்ந்துகொள்கிறது. வீலின் நடுத்துளை, வீலைத் தாங்கும் ஹப்பின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் வட்ட விளிம்பின் மேல் இடைவெளியே இல்லாத அளவுக்கு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த இடுக்கில் ஈரம் புகுந்தால் துரு பிடிக்கும். இரும்பைவிட துருவுக்கு அதிக இடம் வேண்டும். இடம் இல்லாத இடத்தில் அது பருத்து, ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அலாய் வீலாக இருந்தால் இன்னும் மோசம். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும்; நடுத்துளையைச் சுற்றி வெள்ளைப் பொடியாகத் தெரிவது அதுதான்.

வேதாரண்யம் சாலையில் நின்றுபோன ஒரு பெரியவர் போன் செய்தார். மகன் சிங்கப்பூரில், சின்ன கார், வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் மட்டும் எடுப்பவர். "தம்பி, நட்டு நாலும் கழட்டியாச்சு. வீல் வரமாட்டேங்குது. டிரைவர் பையன் எட்டி எட்டி உதைக்கிறான்" என்றார். கார் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். ஜாக்கியில்.

"ஐயா, பையனை நிறுத்தச் சொல்லுங்க. நட்டு நாலையும் திரும்ப மாட்டி, காரைக் கீழே இறக்கிட்டுத் தள்ளி நில்லுங்க. நான் வர்றேன்."

இந்த வேலையில் ஆள் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். காரோடு வருகிற ஜாக்கி, காரை நேராகத் தூக்கி நிறுத்துவதற்கு மட்டும் செய்தது. பக்கவாட்டில் உதைத்தால் சாயும். நம்மூர்ச் சாலையோரம் களிமண், அடியில் பலகை போடாவிட்டால் ஜாக்கியே மண்ணில் இறங்கும். நட்டு இல்லாத வீல் திடீரென்று விடுபட்டால் உதைத்தவன் காலின்மேல் வந்து விழும், அந்த அதிர்ச்சியில் காரும் இறங்கும். ஆகவே வீல் விடும்வரை நட்டுகள் போல்ட்டிலேயே இருக்கட்டும், முதல் பலம் காரின் எடை தரையில் இருக்கும்போதே கொடுக்கப்படட்டும்.

அவர் கார் இரும்பு ரிம். மாட்டிக்கொண்டது பின் வீல், உள்ளே டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை முழுக்க விட்டு, மற்ற வீல்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். நடு மூடியைக் கழற்றிவிட்டு, துரு இளக்கும் ஸ்ப்ரேயை நடுத்துளை விளிம்பிலும் ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் கொஞ்சமாக அடித்துவிட்டு அரை மணி நேரம் விட்டோம். கொட்டி ஊற்றக் கூடாது. எண்ணெய் பிரேக்குக்குள் வழிந்தால் வேறு வில்லங்கம். டீசலை ஊற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

அப்புறம் நட்டு ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினேன். அவ்வளவுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், வீல் விடுபட அது போதும், தப்பி ஓட போதாது. கார் தன் எடையில் நிற்க, டிரைவர் பையனும் நானும் கூரை ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினோம். அசையவில்லை. அடுத்து, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, செங்கலை எடுத்துவிட்டு, நடக்கிற வேகத்தில் ஒரு காரளவு தூரம் முன்னே, அதே அளவு பின்னே, ஒவ்வொரு முறையும் பிரேக்கைப் பட்டென்று மிதித்து. பின் வீல் என்பதால் பின்னே வரும்போது மிதிப்பதுதான் பலன் தரும். முன் வீலாக இருந்தால் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்ப்பேன். மூன்றாவது தடவை பின்னே வரும்போது டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட நொடியே நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஓட்டினால் போல்ட் மரை போய்விடும். இறங்கிப் பார்த்தால் நடுத்துளையைச் சுற்றி மயிரிழை போல இடைவெளி, கீழே செம்பொடி.

இதற்கும் விடாத வீல் உண்டு. அப்போது காரைத் தூக்கி, அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்தபிறகே மேற்கொண்டு கைவைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது. நட்டுகள் நுனியில் நாலு மரையாவது பிடித்திருக்க, டயரின் உள்பக்கச் சுவரில் கட்டையை வைத்து, கனமான சுத்தியலால் கட்டையின் மேல் அடிக்க வேண்டும். ஒரு அடி, வீலை அரைச் சுற்று திருப்பி எதிர்ப்புறம் இன்னொரு அடி. ஒரே பக்கம் அடித்தால் வீல் கோணலாகி இன்னும் இறுகும். ரிம்மை நேரடியாக அடிக்கக் கூடாது. அலாய் வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாகவும் இருக்கலாம். வீலும் டிரம்மும் சேர்ந்தே வெளியே நகர்வது போலத் தெரிந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.

சில இடங்களில் கேஸ் நெருப்பு காட்டுகிறார்கள். எந்த அவசரத்திலும் வேண்டாம். காற்று நிரம்பிய டயர் சூட்டில் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிரே போகலாம். பேரிங் கிரீஸும் ரப்பர் சீலும் அப்போதே கெட்டுப்போகும்.

வீல் வந்துவிட்டது என்று ஸ்டெப்னியை உடனே மாட்டிவிடாதீர்கள். ஹப் முகத்திலும் நடு விளிம்பிலும் உள்ள துருவை கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். நடுவே துருச் செதில் மாட்டிக்கொண்டால் நட்டு இறுகியதுபோலத் தெரியும், ஓட ஓட அந்தச் செதில் நசுங்கி நட்டு தளரும். பெரியவர் காரில் உள்ளங்கை நிறையச் செதில் வந்தது. நடு விளிம்பில் மட்டும், விரல் நுனியில் எடுத்த கிரீஸைப் பளபளப்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினேன். போல்ட் மரையிலும் நட்டு உட்காரும் சரிவிலும் கிரீஸ் படக் கூடாது. வழுக்கினால் அதே பலத்துக்கு நட்டு அளவுக்குமேல் இறுகி, போல்ட் நீண்டுவிடும்.

நட்டுகளை எதிரெதிராக, முதலில் கையாலும் பிறகு கார் தரையில் இறங்கியதும் டார்க் ரென்ச்சாலும் இறுக்க வேண்டும். சின்ன கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது காரோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது. பெரியவரை அடுத்த வாரமே வரச்சொல்லி நட்டை மறுபடி சரிபார்த்து, அன்றைக்கே மற்ற மூன்று வீலையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். அவற்றில் இரண்டு அதேபோல ஒட்டியிருந்தன. இனி 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு வருடம் ஒருமுறை, மழை முடிந்த தை மாதத்தில் நான்கையும் கழற்றி மாட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.