கம்பளப் பரப்பு அல்ல, உட்பரப்பு

திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலும் தியாகராஜ நகரிலும் அடுக்குமாடி விற்பவர்கள் கொடுக்கும் தமிழ் நோட்டீசுகளில் கார்பெட் ஏரியாவை 'கம்பளப் பகுதி 747 சதுர அடி' என்று அச்சடித்திருக்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பத்தமடைப் பாய் விரித்துப் படுக்கிற ஊரில், வீடு வாங்குகிறவர் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்?

கார்பெட் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் லத்தீனில், பிய்த்தெடுப்பது என்ற பொருளில் இருக்கிறது. சுவருக்குச் சுவர் விரிப்பு போடக்கூடிய தரை எவ்வளவோ அதுதான் கார்பெட் ஏரியா என்று கட்டடத் தொழிலில் ஏற்பட்ட வழக்கு. பெயர்க்கதை அவ்வளவே.

இன்றைக்கு அந்த விரிப்புக் கணக்கும் செல்லாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தனி வரையறை கொடுத்துவிட்டது. வெளிச்சுவர், குழாய் இறங்கும் ஷாஃப்ட், அந்த வீட்டுக்கு மட்டுமான பால்கனி, வராந்தா, திறந்த மாடி ஆகியவை கணக்கில் சேராது. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர் அடைக்கிற இடம் சேரும். சுவருக்கு அடியில் யாரும் கம்பளம் விரிப்பதில்லை, ஆனால் சட்டம் அதைக் கூட்டுகிறது. பால்கனியில் தாராளமாக விரிக்கலாம், அதைச் சட்டம் கழிக்கிறது. ஆகவே 'கம்பளம்' இரண்டு பக்கமும் தப்பு. 'பகுதி' என்பது அதைவிட மோசம். பகுதி என்றால் இடம். அளவைச் சொல்ல 'பரப்பு' என்ற சொல் பள்ளிக்கூடக் கணக்கிலேயே இருக்கிறது.

'பயன்பாட்டுப் பரப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். கம்பளத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பால்கனியில் துணி காயப்போடுகிறோம், சாயங்காலம் உட்காருகிறோம். அது பயன்பாடு இல்லையா? வெளிச்சுவருக்கு உள்ளே இருப்பது என்பதுதான் வரையறையின் உயிர். எனவே உட்பரப்பு என்பதே பொருந்தும். வெளிச்சுவரும் பால்கனியும் சேர்ந்த பில்டப் ஏரியாவுக்குக் கட்டுமானப் பரப்பு போதும். சூப்பர் பில்டப் ஏரியாவை 'உயர் கட்டுமானப் பரப்பு' என்று பெயர்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஏதோ உயர்தர வேலை என்று நினைத்துக் காசு கொடுப்பார்கள். அதில் ஏறியிருப்பது படிக்கட்டும் லிஃப்டும் நடைபாதையும்தான். பொதுப்பங்கு சேர்த்த பரப்பு என்று நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர்கள், ஒரு தடவையாவது பிளானை விரித்து அளந்து பார்த்திருந்தால் இந்தப் பெயர்கள் வந்திருக்காது.

ஒரு பிளானை எடுத்துக்கொள்வோம். வீட்டின் வெளி அளவு 32 அடிக்கு 26 அடி, சுற்றிலும் 9 அங்குலச் சுவர். 9 அங்குலம் என்பது 0.75 அடி. பிளானில் 10'6" என்று இருந்தால் 10.5 என்று போட வேண்டும், 10.6 என்று போட்டுப் பெருக்கினால் கணக்கு கெட்டது. இரு பக்கச் சுவரையும் கழித்தால் உள் அளவு 30.5 × 24.5, அதாவது 747.25 சதுர அடி. ஷாஃப்ட் இந்தச் சுவர்களுக்கு வெளியே இருப்பதால் கழிக்க வேறொன்றும் இல்லை. இது உட்பரப்பு.

அறை அறையாக டேப் பிடித்துக் கூட்டினால் இந்த எண் வராது. நாலரை அங்குல உட்சுவர் மொத்தம் 60 அடி ஓடினால் அதுவே 22.5 சதுர அடி. இது தெரியாமல் 'அளவு குறைகிறது' என்று பில்டரிடம் சண்டைக்குப் போவது உண்டு.

அடுத்தது கட்டுமானப் பரப்பு. வெளி அளவு 32 × 26 = 832; வெளியே நீட்டியிருக்கும் 10 × 4 பால்கனி 40; மொத்தம் 872. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதன் தடிமனில் பாதியை மட்டும் சேர்ப்பது வழக்கம்.

இதே அளவில் 12 வீடுகள் இருந்து, அவற்றுக்குப் பொதுவான படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்து 2,616 சதுர அடி என்றால், ஒரு வீட்டின் பங்கு 218. ஆக, பொதுப்பங்கு சேர்த்த பரப்பு 1,090. வீடுகள் சின்னதும் பெரியதுமாக இருந்தால் அவரவர் பரப்பின் விகிதத்தில் பங்கு போட வேண்டும்.

விற்பவர் இதை '25 சதவீத லோடிங்' என்பார். 872-க்கு மேல் 218 என்பது 25 சதவீதம்தான். ஆனால் 747.25-லிருந்து 1,090-க்கு ஏறியது ஏறக்குறைய 46 சதவீதம். சதுர அடி 4,000 ரூபாய் என்று 1,090-க்கு விலை பேசினால் 43,60,000 ரூபாய். உட்பரப்புக்கு வகுத்தால் சதுர அடி சுமார் 5,835 விழுகிறது. இரண்டு பில்டர்களின் விலையை ஒப்பிடும்போது இந்தக் கடைசி எண்ணைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் உட்பரப்பு 747.25, பால்கனி 40, வெளிச்சுவர் 84.75, பொதுப்பங்கு 218 என்று நான்கு வரிகளாகப் பிரித்து எழுதட்டும்.