வெங்காயத் தோலில் நாம் அளப்பது எதை?

தாவரவியல் செயல்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகப் போகும்போதெல்லாம் ரெக்கார்டு நோட்டுகளில் ஒரே வரி கண்ணில் படுகிறது: "பாதி செல்கள் பிளாஸ்மாலிசிஸ் அடைந்த கரைசலின் திறனே செல்லின் நீரியல் திறன்." வெங்காயத் தோலைச் சர்க்கரைக் கரைசல்களில் ஊறவைத்து, தண்ணீர் இழந்து சவ்வு சுவரை விட்டுச் சுருங்கிய செல்களை, அதாவது பிளாஸ்மாலிசிஸ் அடைந்தவற்றை, எண்ணும் இந்தச் சோதனை சரிதான். அந்த எண்ணுக்கு வைத்த பெயர்தான் தப்பு.

செல்லின் நீரியல் திறன் என்பது ψ = ψs + ψp. ψs என்பது செல்சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை, உப்புகளால் வரும் கரைபொருள் திறன். ψp என்பது செல்சுவரை உள்ளிருந்து தள்ளும் அழுத்தம். சவ்வு சுவரை விட்டு விலகத் தொடங்கும் கணத்தில் அந்த அழுத்தம் பூஜ்ஜியம். எனவே அப்போது வெளிக்கரைசலுக்குச் சமமாக இருப்பது ψs மட்டுமே. விறைப்பாக இருந்த பழைய செல்லுக்கு ψp இருந்தது. அதன் நீரியல் திறன் இந்த எண்ணைவிடப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிய சிவப்புப் பல்லாரி வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செதிலின் உட்பக்கத் தோல் லேசாக உரிந்து வரும், ஆனால் நிறமே இருக்காது. வெளிப்பக்கத் தோலை உரிப்பது கொஞ்சம் சிரமம்; ஊதா நிறம் இருப்பதால் எண்ணுவது சுலபம். 34.2 கிராம் சுக்ரோஸைக் குறைந்த தண்ணீரில் கரைத்து, பிறகு 100 மில்லி வரும்வரை நிரப்பினால் 1 மோலார். 100 மில்லி தண்ணீரை அளந்து அதில் சர்க்கரையைப் போட்டால் அது வேறு கரைசல். இதிலிருந்து 4 மில்லியுடன் 6 மில்லி தண்ணீர் சேர்த்தால் 0.4 மோலார், மற்றவையும் அப்படியே. நம்மூர் வெயிலுக்குச் சர்க்கரைக் கரைசல் சீக்கிரம் புளித்துவிடும், அன்றன்றைக்கே செய்வது நல்லது.

தோல் துண்டுகளைக் கரைசலில் 20 முதல் 30 நிமிடம் ஊறவிட வேண்டும், அதுவும் மூடிய பெட்ரி தட்டில். கோடையில் மின்விசிறிக்கு அடியில் திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி, லேபிளில் 0.4 என்று இருப்பது உண்மையில் அதற்கு மேலே போயிருக்கும். சிலைடில் வைக்கும்போது சொட்டுவிடுவதும் அதே கரைசலில்தான். பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டால் சுருங்கிய செல் நாம் பார்ப்பதற்குள் மறுபடி விரிந்துவிடும்.

ஒரு மாணவியிடம் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே தெரிந்த இடைவெளியைக் காட்டி, "இதுக்குள்ள என்னம்மா இருக்கு?" என்றேன். "காத்து சார்." அங்கே இருப்பது சர்க்கரைக் கரைசல். செல்சுவர் அதைத் தடுப்பதில்லை, சவ்வுதான் தடுக்கிறது. அதனால்தான் ஊதா நிறம் உள்ளே சுருங்கி அடர்ந்து தெரிகிறது. உரிக்கும்போது கிழிந்து செத்த செல்லில் நிறம் வெளியேறிவிடும், அது சுருங்கவும் செய்யாது. அதைச் 'சுருங்காத செல்' என்று எண்ணினால் விடை கெடும். சந்தேகம் வந்தால் துண்டைத் தண்ணீருக்கு மாற்றிப் பாருங்கள்: உயிருள்ள செல் பழையபடி நிரம்பும்.

ஒவ்வொரு கரைசலிலும் 50 செல்கள் எண்ணியதில் 0.3 மோலாரில் 3, 0.4-ல் 19, 0.5-ல் 41 சுருங்கியிருந்தால் சதவீதம் 6, 38, 82. வரைபடத்தில் 50 சதவீதம் ஏறக்குறைய 0.43 மோலாரில் விழும். சுக்ரோஸ் அட்டவணையில் 20 டிகிரிக்கு இது சுமார் −1.2 மெகாபாஸ்கல். ψs = −CRT சூத்திரத்தில் அதே வெப்பநிலையைப் போட்டால் −1.05 அளவில்தான் வருகிறது. இந்தச் செறிவில் சுக்ரோஸ் இலட்சியக் கரைசல் போல நடந்துகொள்வதில்லை. நான் அட்டவணையையே நம்புவேன். ஆய்வகம் 32 டிகிரியில் இருந்தால் அதன் மதிப்பு இன்னும் 4 சதவீதம் எதிர்மறைப் பக்கம் நகரும். இன்னொன்று, சுவர் தளரும்வரை செல் கொஞ்சம் தண்ணீர் இழந்திருக்கும். ஆகவே முதலில் இருந்த ψs இதைவிடச் சற்றே குறைவான எதிர்மறை.

நீரியல் திறன் வேண்டுமென்றால் அதே பல்லாரியின் சதைத் துண்டுகளை எடை போட்டு, இதே வரிசைக் கரைசல்களில் ஊறவைத்து, மேலே ஒட்டிய ஈரத்தை ஒற்றியெடுத்து மறுபடி எடை போட வேண்டும். எடை கூடவும் குறையவும் செய்யாத செறிவுக்குரிய திறன்தான் திசுவின் ψ. அந்தச் செறிவு 0.25 மோலாராக இருந்தால் சுமார் −0.68. அப்படியானால் ψp = −0.68 + 1.2, அதாவது ஏறக்குறைய 0.5 மெகாபாஸ்கல். இரண்டு சோதனையையும் சேர்த்தால்தான் இந்த எண் கிடைக்கும்.

நாள்பட்டு, விரலால் அழுத்தினால் அமுங்கும் பல்லாரியில் ψp கிட்டத்தட்ட இல்லை. அதில் மட்டும் இரண்டு விடைகளும் நெருங்கி வரும். எனவே ரெக்கார்டில் 'கரைபொருள் திறன், 50 சதவீதப் பிளாஸ்மாலிசிஸ் முறை' என்று எழுதி, பக்கத்திலேயே வெங்காயம் விறைப்பா, வாடலா என்றும் குறித்து வையுங்கள்.