கல்லா சரியாக இருக்கிறது, பணம்தான் இல்லை

காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு ஆச்சி கேட்டிருந்தார்: “சாயங்காலம் கல்லாவை எண்ணினால் ஏட்டோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது. ஆனால் எங்களிடம் தேன்குழலும் சீடையும் கடனுக்கு எடுக்கும் டீக்கடைக்காரர், ‘போன வாரமே முழுசாகக் கொடுத்துவிட்டேனே ஆச்சி’ என்கிறார். எங்கள் பேரேட்டில் பாக்கி நிற்கிறது. யார் சொல்வது சரி?”

எழுத்துப் பிழையாக இருக்கலாம். ஆனால் வசூலுக்குப் போகிறவரே பேரேடும் எழுதுகிறார் என்று ஆச்சி சொன்னதும் எனக்கு வேறொன்று தோன்றியது. தணிக்கைக்காரர்கள் இதை லேப்பிங் என்பார்கள்.

திங்கட்கிழமை ஒரு கடைக்காரர் 4,000 ரூபாய் கொடுக்கிறார். வசூல்காரர் அதைப் பையில் போட்டுக்கொள்கிறார், ஏட்டில் எழுதுவதில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாமவர் 5,000 கொடுக்கிறார். அதில் 4,000 முதலாமவர் பெயரில் வரவாகிறது, 1,000 மட்டும் இரண்டாமவருக்கு. புதன்கிழமை மூன்றாமவரின் 6,000 வந்ததும் 4,000 இரண்டாமவர் கணக்குக்குப் போகிறது. ஓட்டை அதே 4,000தான். அது ஆள் மாற்றி ஆள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கல்லாவில் 5,000, ஏட்டிலும் 5,000. எண்ணிப் பார்த்து இதைப் பிடிக்கவே முடியாது! கல்லாவுக்கு எலுமிச்சம்பழம் கட்டினாலும் அப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த வித்தைக்கு ஓய்வே கிடையாது என்பது. நாளைக்கு யார் பணத்தை யார் பெயரில் எழுத வேண்டும் என்பது அந்த ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. இரண்டு நாள் வேறொருவர் ஏட்டைத் தொட்டால் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் காய்ச்சலிலும் லீவு போடாத ஊழியரைத் தணிக்கைக்காரர்கள் மெச்சுவதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், ஏஜெண்டுகளைப் பொதுவாக மூன்று வருடக் கணக்கில்தான் அனுப்பினார்கள். தவணை முடிந்ததும் அடுத்தவர் வந்து கணக்கைக் கைமாற்றிக்கொள்வார். கடையை நடத்தும் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பணப்பெட்டியடியில் உட்காரும் பெட்டியடி என்று ஆட்களும் தனித்தனி.

சிறிய கடையில் அத்தனை ஆள் ஏது? வேண்டியதும் இல்லை. பணம் வாங்கும் கை பேரேட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தை வசூல்காரரிடம் கொடுத்துவிட்டு, கார்பன் நகலைப் பார்த்து ஆச்சியே வரவு எழுதலாம். ரசீதே கொடுக்காமல் வாங்கிய பணத்தை இது காட்டாது. அதற்கு மாதம் ஒருமுறை கடைக்காரர்களிடம் நேராகப் பாக்கியைக் கேட்க வேண்டும். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தாலும் இந்தப் பிரிவினை தோற்றுவிடும்.

சரி, ஆச்சி இப்போது செய்ய வேண்டியது: அந்தத் தம்பியை நாலு நாள் லீவில் அனுப்பிவிட்டு வசூலுக்கு நீங்களே போங்கள். டீக்கடைக்காரர் பணம் கொடுத்த தேதிகளை அவர் நோட்டிலிருந்து குறித்துக்கொண்டு வந்து, உங்கள் பேரேட்டின் வரவுத் தேதிகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவர் முழுசாகக் கொடுத்தது உங்களிடம் துண்டு துண்டாகவும், ஒவ்வொரு முறையும் ஓரிரு நாள் தள்ளியும் ஏறியிருந்தால், மற்ற கடைகளின் நோட்டையும் கேட்டுப் பாருங்கள்.