தொப்புளில் அளவெடுத்தால்தான் பெல்ற் வேலை செய்யும்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, நான் 32 காற்சட்டை போடுறனான். பாரம் தூக்குற பெல்ற் ஒண்டு எம் சைஸில எடுத்தன். கடைசி ஓட்டையும் எட்டேல்லை. கீழ இறக்கினாத்தான் பூட்டலாம். பெல்ற் பிழையோ?"

பெல்ற் சரிதான். அளவுதான் பிழையான இடத்திலிருந்து வந்திருக்கிறது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால், அந்தப் பெல்ற் வயிற்றோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பலர் நினைப்பதுபோல அது நாரியைப் பின்னால் முண்டு கொடுத்துத் தாங்குவதில்லை. வேலை நடப்பது வயிற்றுக்குள். நம் வயிறு மூடிய ஒரு அறை: மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முள்ளந்தண்டு, முன்னும் பக்கமும் வயிற்றுத் தசைகள். மூச்சை ஆழமாக இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் நீர் நிறைந்தவை, அவை சுருங்காது. ஆகவே வயிற்றுச் சுவர் வெளியே தள்ளுப்படும்.

இப்போது சைக்கிள் ரியூப்பை நினையுங்கள். ரயர் இல்லாமல் வெறும் ரியூப்புக்குக் காற்றடித்தால் அது வீங்கிக்கொண்டே போகும், ஆனால் விரலால் அமத்தினால் மெத்தென்றுதான் இருக்கும். அதையே ரயருக்குள் போட்டு அடித்தால் கல்லுப்போல இறுகி ஓர் ஆளையே சுமக்கும். ரயர் தானாக ஆளைத் தாங்குவதில்லை. வீங்க விடாமல் தடுத்து, உள்ளே அமுக்கம் ஏறச் செய்கிறது. பெல்ற்றும் அப்படித்தான். மூச்சை நிரப்பி, வயிற்றுத் தசைகளை இறுக்கிச் சுற்றிவரப் பெல்ற்றுக்கு எதிராகத் தள்ளும்போது உள் அமுக்கம் கூடி, உடம்பின் நடுப்பகுதி விறைத்து நிற்கும். பாரத்தோடு குனியும்போது முள்ளந்தண்டு வளைந்துபோகாமல் பிடிக்க அந்த விறைப்பு உதவுகிறது. விலாப் பக்கங்களில் இரண்டு கைகளையும் வைத்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். முன்னால் மட்டுமல்ல, பக்கங்களும் விரிவது கையில் தெரியும். எனக்கு இது எத்தனை தரம் செய்தாலும் அலுக்காது.

சரி, ரயர் ரியூப் இருக்கும் இடத்தில்தானே இருக்க வேண்டும்? வயிறு விரியக்கூடிய மென்மையான இடைவெளி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் இடையில் இருக்கிறது. தொப்புள் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான். காற்சட்டையை நாம் கட்டுவதோ அதற்குக் கீழே, பெரும்பாலும் தொந்திக்கும் கீழே, இடுப்பு எலும்பை ஒட்டி. எலும்பு விரியாது. அங்கே பெல்ற்றை எவ்வளவு இறுக்கினாலும் தோல்தான் உரஞ்சுப்படும்.

இன்னொன்று, காற்சட்டைப் பட்டியில் உள்ள 32 உண்மையான 32 அங்குலம் என்று நம்ப முடியாது. பல தயாரிப்புகள் அதைவிடப் பெரிதாகவே தைக்கப்படுகின்றன.

தம்பியிடம் தையல் நாடாவால் அளக்கச் சொன்னேன். ரீசேட்டுக்கு மேலாக, நிமிர்ந்து நின்று, சாதாரணமாக மூச்சு விட்ட பின், நாடா நிலத்துக்குச் சமாந்தரமாக, தொப்புளைச் சுற்றி. வயிற்றை எக்கக் கூடாது. இங்கேதான் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள். வந்தது 36½ அங்குலம். அவர் வாங்கிய பெல்ற்றின் அளவு அட்டவணையில் எம் 28 முதல் 34 வரை, எல் 33 முதல் 39 வரை. எம் எட்டாதது இப்போது விளங்கும். எல் எடுத்தால் நடு ஓட்டைகளுக்குள் வரும், உடம்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இடமிருக்கும்.

அதற்காக "காற்சட்டை அளவோடு நாலைக் கூட்டு" என்று சூத்திரம் ஆக்கிவிடாதீர்கள். வயிறு ஒட்டிய மெல்லிய ஆட்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, தொப்புள் சுற்றளவு காற்சட்டை கட்டும் இடத்தைவிடக் குறைவாக இருக்கும். அவர்கள் காற்சட்டை அளவில் எடுத்தால் கடைசி ஓட்டையில் பூட்டியும் தொளதொளவென்று கிடக்கும், தள்ளுவதற்குச் சுவரே இருக்காது. உடல் குட்டையானவர்களுக்கு 10 சென்ரிமீற்றர் அகலப் பெல்ற் விலாவிலும் இடுப்பிலும் ஒருங்கே குத்தும். சுற்றளவு சரியாக இருந்தாலும் அவர்களுக்கு ஒடுக்கமான பெல்ற்தான் நல்லது.

துணியில் செய்த நாரிப் பட்டிக்கும், அதைச் செய்தவர்கள் அளக்க வேறு இடம் சொல்லியிருக்காவிட்டால், இதே அளவு முறைதான். ஆனால் அதைக் கட்டினால் நாரிப்பிடிப்பு வராது என்று சந்தையில் மூட்டை தூக்குபவர்களுக்குச் சொல்லி விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1994இல் கிடைத்த ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு, நலமான தொழிலாளருக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. மூட்டையின் பாரத்தைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு பட்டியைக் கட்டிவிடுவது மலிவு, அவ்வளவுதான். அதோடு மூச்சடக்கித் தள்ளும்போது இரத்த அழுத்தமும் ஏறும். அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறுக்க வேண்டாம்.

தம்பி மாற்றி எடுத்துவிட்டார். நடு ஓட்டையில் பூட்டி, உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருக்கிறார். மூச்சை நிரப்பியதும் அந்த இரண்டு விரலுக்கும் இடமில்லாமல் போகிறதாம்.